9 நானோவில் தப்பு, 6 நானோவில் சரி: வேவ் பைப்லைனிங்கில் க்ளாக்கை மெதுவாக்கினால் ஏன் கெடுகிறது?

தேன்மொழி_கே

எல்லோருக்கும் வணக்கம். எம்.இ. ப்ராஜெக்டுக்காக 16க்கு 16 அரே மல்டிப்ளையர் ஒன்றை வேவ் பைப்லைனிங் முறையில் செய்துகொண்டிருக்கிறேன். 180 நானோமீட்டர் லைப்ரரி. உள்ளே போகும் பக்கம் ஒரு வரிசை ஃப்ளிப்ஃப்ளாப், வெளியே வரும் பக்கம் ஒரு வரிசை. நடுவில் ரிஜிஸ்டரே கிடையாது. முதல் பெருக்கலின் விடை வெளியே வந்து சேருவதற்குள் அடுத்த ஜோடி எண்களை உள்ளே தள்ளிவிடுகிறேன். ஒரே வயர்களில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று அலைகள் ஓட வேண்டும்.

முந்தைய அலையை அடுத்த அலை எட்டிப் பிடிக்காமல் இருக்க, எல்லாப் பாதைகளும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்க வேண்டும் அல்லவா? ஒரு மாதம் அதிலேயே போயிற்று. P0 பிட்டுக்கு இருப்பது ஒரே ஒரு ஆண்ட் கேட். மேல் பிட்டுகளோ முப்பது ஃபுல் ஆடர்களைக் கடந்து வருகின்றன. P0வின் பாதையில் மட்டும் 40 பஃபர் போட்டேன். இப்போது மிக மெதுவான பாதை 10.0 நானோசெகண்ட், மிக வேகமான பாதை 8.0. இரண்டிலும் ஃப்ளிப்ஃப்ளாப்பின் க்ளாக்கிலிருந்து வெளியீடு வரை ஆகும் நேரமும் சேர்ந்திருக்கிறது. செட்டப்பும் ஸ்க்யூவும் சேர்ந்து 0.3, ஹோல்டும் ஸ்க்யூவும் சேர்ந்து 0.2.

எஸ்டிஎஃப் போட்டு நெட்லிஸ்ட் சிமுலேஷன் ஓட்டியபோது வந்தது இது:

```
T = 11.0   PASS   (edge 1)
T =  9.0   FAIL
T =  6.0   PASS   (edge 2)
T =  4.5   FAIL
T =  3.6   PASS   (edge 3)
```

வேகமாக ஓட்டினால் கெடும் என்றால் புரிகிறது. 6 நானோவில் சரியாக ஓடுகிற சர்க்யூட் 9 நானோவில் எப்படிக் கெடும்? சிமுலேஷனில்தான் எங்கோ தப்பு என்கிறார் கைடு. நான் இரண்டு முறை முதலிலிருந்து செய்து பார்த்துவிட்டேன், இதேதான் வருகிறது.

---

மதுரைவீரன்82

சிஸ்டர், உங்கள் கைடு சொல்வதுதான் சரி. க்ளாக்கை மெதுவாக்கினால் செட்டப் எப்போதும் நல்லதாகத்தான் ஆகும். ஹோல்டுக்கும் க்ளாக் பீரியடுக்கும் சம்பந்தமே கிடையாது. 6ல் ஓடினால் 9ல் ஓடியே தீரும். டெஸ்ட்பெஞ்சில் எந்த எட்ஜில் விடையை ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள்.

கான்ஸ்ட்ரெய்ன்ட் பக்கம், இது மல்டிசைக்கிள் பாத்தான். நான் தினமும் எழுதுவது:

```
set_multicycle_path 2 -setup -from [get_cells in_reg*] -to [get_cells out_reg*]
set_multicycle_path 1 -hold  -from [get_cells in_reg*] -to [get_cells out_reg*]
```

இதைப் போட்டுவிட்டு ரிப்போர்ட் எடுங்கள். வயலேஷன் எல்லாம் போய்விடும்.

---

வெண்ணிலா_ஆர்டிஎல்

பைப்லைனில் முந்தைய இன்ஸ்ட்ரக்ஷனின் விடை வருமுன் அடுத்ததை அனுப்பினால் டேட்டா ஹசார்ட் வரத்தான் செய்யும். ஸ்டால் போடுங்கள், இல்லையென்றால் ஃபார்வர்டிங் பாத் கொடுங்கள். எங்கள் ப்ராசஸர் ப்ராஜெக்டில் அப்படித்தான் சரி செய்தோம்.

ஆனாலும் ஆர்வத்தில் நானும் ஒரு சின்ன மாடல் எழுதிப் பார்த்தேன். 6 நானோவுக்கு ஒரு முறை உள்ளீட்டை மாற்றினால் வெளியீடு அசையவே இல்லை, முதலில் இருந்த எக்ஸாகவே நிற்கிறது. அலை எதுவும் ஓடுவதாகத் தெரியவில்லையே?

```verilog
assign #10 p = a * b;
```

---

பழைய_சாலிடர்

தேன்மொழி, உங்கள் சிமுலேஷன் சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஐந்து வரிகளும் பேப்பரில் கணக்குப் போட்டால் வர வேண்டிய அதே விடைகள்.

வெண்ணிலா கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே இன்ஸ்ட்ரக்ஷன் எதுவும் இல்லை, ஒரு பெருக்கல் இன்னொன்றின் விடைக்காகக் காத்திருக்கவும் இல்லை. அதனால் ஹசார்ட் பேச்சு வேண்டாம். உங்கள் மாடலில் எக்ஸ் நிற்பதற்குக் காரணம் வெரிலாகில் `assign #10` இனர்ஷியல் டிலேயாக இருப்பது. 10 நானோ முடியுமுன் உள்ளீடு மறுபடி மாறினால், முன்பு போட்டு வைத்த மாற்றத்தை அது ரத்து செய்துவிடும். 6 நானோவுக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த மாற்றமும் கடைசி வரை போய்ச் சேராது. pயை reg என்று அறிவித்துவிட்டு இப்படி எழுதுங்கள், அலைகள் தெரியும்:

```verilog
always @(a or b) p <= #10 a * b;
```

தேன்மொழியின் நெட்லிஸ்டில் ஒவ்வொரு கேட்டும் 0.1, 0.2 நானோதான். உள்ளே ஓடும் அலை அதைவிட மிக அகலம். அதனால் அங்கே இந்தச் சிக்கல் வரவில்லை.

இப்போது 9 நானோ. நேரம் 0ல் முதல் ஜோடியை அனுப்புகிறீர்கள். அதன் விடை முழுதாக நிலைப்பது 10.0ல். அடுத்த ஜோடி 9ல் கிளம்புகிறது, அதன் முதல் சலனம் வெளியே எட்டுவது 9 + 8 = 17ல். ஆக முதல் விடை வெளியீட்டில் அசையாமல் நிற்பது 10 முதல் 17 வரை. செட்டப்புக்கு 0.3, ஹோல்டுக்கு 0.2 கழித்தால், க்ளாக் எட்ஜ் 10.3க்கும் 16.8க்கும் நடுவில் வந்து விழ வேண்டும். உங்கள் எட்ஜ்கள் எங்கே? 9லும் 18லும். ஒன்று அவசரப்பட்டது, மற்றது பிந்திவிட்டது. விடை சரியாக வந்தது, ஏழு நானோ நேரம் நின்றது, எடுத்துக்கொள்ள எட்ஜ் இல்லாமல் போய்விட்டது.

6 நானோவில் அந்த இடைவெளி சுருங்குகிறது. அடுத்த அலை 6 + 8 = 14ல் வந்துவிடும், ஆகவே 10.3 முதல் 13.8 வரைதான். ஆனால் இரண்டாவது எட்ஜ் 12ல், நடுவில் போய் விழுகிறது. 4.5ல் இடைவெளி 10.3 முதல் 12.3, எட்ஜ்கள் 9லும் 13.5லும். தப்பு. 3.6ல் 10.3 முதல் 11.4, மூன்றாவது எட்ஜ் 10.8ல். சரி.

மதுரைவீரன் சொன்ன விதி சாதாரண சர்க்யூட்டுக்குப் பொருந்தும், அங்கே ஒரு நேரத்தில் ஒரே அலைதான். N அலைகள் ஓடும்போது இரண்டு பக்கமும் வேலி வந்துவிடுகிறது:

```
N * T       >=  Dmax + setup + skew
(N - 1) * T <=  Dmin - hold - skew
```

N = 1 என்றால் இரண்டாவது வரியிலிருந்து T மறைந்துவிடும். "ஹோல்டுக்கும் பீரியடுக்கும் சம்பந்தம் இல்லை" என்று நாம் படித்தது அந்த ஒரு நிலைக்கு மட்டும். N = 2 ஆனதும் ஹோல்ட் வரி, க்ளாக்கை எவ்வளவு மெதுவாக ஓட்டலாம் என்பதற்கு எல்லை போடுகிறது.

---

தேன்மொழி_கே

சார், மிக்க நன்றி. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். N = 1க்கு 10.3க்கு மேல் எதுவும் சரி. N = 2க்கு 5.15 முதல் 7.8 வரை. N = 3க்கு 3.44 முதல் 3.9 வரை. N = 4க்கு 2.575 முதல் 2.6 வரை, நூல் பிடித்த மாதிரி. N = 5க்கு 2.06க்கு மேலும் 1.95க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று வருகிறது, அது நடக்காது. 7.0, 8.0, 5.0, 3.8 என்று நான்கு இடங்களில் புதிதாக ஓட்டினேன். கணக்கு சொன்னபடியே 7.0ம் 3.8ம் சரி, 8.0ம் 5.0ம் தப்பு.

10.3க்கு மேல் சரி என்றாலும் ஒன்றைக் கவனித்தேன். அங்கே விடை முதல் எட்ஜிலேயே வந்துவிடுகிறது. அடுத்த பிளாக் இரண்டாவது எட்ஜில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த ஜோடியின் விடையை எடுத்துவிடும். அப்படியென்றால் சிப்பை மெதுவாக ஓட்டி டெஸ்ட் செய்வதுகூட நேராக முடியாது போலிருக்கிறது.

இன்னொரு சந்தேகம். மதுரைவீரன் அண்ணா கொடுத்த இரண்டு வரிகளையும் போட்டு 9 நானோவில் ரிப்போர்ட் எடுத்தேன். எல்லாம் பாஸ் என்கிறது. சிமுலேஷனில் தப்பாகிறதே?

---

பழைய_சாலிடர்

அந்த இரண்டாவது வரிதான் ஆளை ஏமாற்றுகிறது. `-setup 2` மட்டும் போட்டால், டூல் செட்டப்பை 2Tயில் பார்க்கும். ஹோல்டை அதற்கு ஒரு எட்ஜ் முன்னால், அதாவது Tயில் பார்க்கும். வேவ் பைப்லைனிங்குக்கு வேண்டியது அச்சாக அதுவே: T என்ற எட்ஜில் முந்தைய அலையின் விடை எடுக்கப்படுகிறது, அதற்கு முன் புது அலை வந்துவிடக் கூடாது.

சாதாரண மல்டிசைக்கிளில் இரண்டு க்ளாக்குக்கு ஒரு முறைதான் டேட்டா மாறும், எனேபிள் போட்டு நிறுத்தி வைத்திருப்போம். அதனால் Tயில் ஹோல்ட் பார்ப்பது வீண் வேலை. `-hold 1` போட்டு அந்தச் சோதனையை 0க்கு இழுத்து வைக்கிறோம். பழக்கத்தில் கை அதை எழுதிவிடுகிறது. இங்கே அதை எழுதினால், இருக்கிற ஒரே பாதுகாப்பையும் நாமே கழற்றி வைத்த மாதிரி. அந்த வரியை எடுத்துவிட்டு 9 நானோவில் ஓட்டுங்கள், ஹோல்டில் 1.2 நானோ குறைகிறது என்று காட்டும்.

---

மதுரைவீரன்82

எடுத்துவிட்டு ஒரு சின்ன டிசைனில் நானும் ஓட்டிப் பார்த்தேன். ஐயா சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். பத்து வருடமாக அந்த இரண்டு வரியையும் ஜோடியாகவே எழுதி வந்திருக்கிறேன். ஒவ்வொரு க்ளாக்கிலும் டேட்டா மாறும் பாதையில் இரண்டாவது வரி தப்பு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

---

கோவை_எஃப்பிஜிஏ

இதைப் படித்ததும் எட்டு வருடத்துக்கு முந்தைய என் கதைக்கு இப்போதுதான் விளக்கம் கிடைத்தது. ஒரு மெஷின் கன்ட்ரோலர் போர்டில், பழைய தலைமுறை எஃப்பிஜிஏ. நீளமான ஒரு சிஆர்சி லாஜிக்கை இரண்டு க்ளாக் எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்தோம், ஆனால் ஒவ்வொரு க்ளாக்கிலும் டேட்டா மாறும். தெரிந்து செய்ததல்ல, எனேபிளை மறந்துவிட்டோம். மேஜை மேல் நன்றாக ஓடியது.

பெட்டிக்குள் வைத்து மூடியதும் மதியத்துக்கு மேல் பிழை வரும். சூட்டில் டிலே கூடிவிட்டது என்று நினைத்து க்ளாக்கை நன்றாகவே இறக்கினோம். மதியம் சரியாயிற்று. மறுநாள் காலை ஆலையைத் திறந்து ஆன் செய்ததும் பிழை, அதுவும் முதல் இருபது நிமிடம் மட்டும். குளிர்ந்த போர்டில் எல்லாம் வேகம், மிக வேகமான பாதை முந்திக்கொண்டு வந்திருக்கிறது. "மெதுவாக்கியதற்கு அப்புறம் காலையில் கெடுகிறது" என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. கடைசியில் நடுவில் ஒரு ரிஜிஸ்டர் வைத்து முடித்தோம்.

---

பழைய_சாலிடர்

உங்கள் கதையில்தான் இதன் முழுச் சங்கடமும் இருக்கிறது. பாதைகளைச் சமப்படுத்துவது பாதி வேலை. மீதிப் பாதி, வெப்பமும் வோல்டேஜும் ஃபேப்பும் எல்லா டிலேயையும் சேர்த்து இழுப்பதும் சுருக்குவதும்.

தேன்மொழியின் எண்களையே எடுப்போம். N = 2க்கு 5.15 முதல் 7.8 வரை. எல்லா டிலேயும் கூடிவிடும் மெதுவான கார்னரில் 5.15 என்ற கீழ் எல்லை மேலே ஏறும், எல்லாம் குறைந்துவிடும் வேகமான கார்னரில் 7.8 என்ற மேல் எல்லை கீழே இறங்கும். ஒரே T இரண்டுக்கும் சரிப்பட வேண்டுமானால், மெதுவான சிப்புக்கும் வேகமான சிப்புக்கும் உள்ள விகிதம் 7.8ஐ 5.15ஆல் வகுத்தது, அதாவது 1.51க்குள் இருக்க வேண்டும். N = 3க்கு அது 1.14. N = 4க்கு 1.01.

சரி, 8ஐயும் 10 ஆக்கிவிட்டோம், பாதைகள் அத்தனையும் துளி வித்தியாசமில்லாமல் சமம், செட்டப் ஹோல்டும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் N = 2க்கு 2, N = 3க்கு 1.5, N = 4க்கு 1.33 தான். N/(N−1) என்ற அந்த எல்லையை எந்தப் பஃபராலும் தாண்ட முடியாது. உங்கள் லைப்ரரியில் மெதுவான கார்னரையும் வேகமான கார்னரையும் எடுத்து ஒரே கேட்டின் டிலேயை ஒப்பிடுங்கள். இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருந்தால், நிலையான க்ளாக்கில் இரண்டு அலை கூட உத்தரவாதமாக ஓடாது.

---

கணக்கன்

நான் கேட்க நினைத்ததும் இதுதான். P0வுக்கு 40 பஃபர். அதே P0வை ஒரு க்ளாக் தாமதிக்க ஒரே ஒரு ஃப்ளிப்ஃப்ளாப் போதும். அது சூட்டிலும் குளிரிலும் துல்லியமாக ஒரு க்ளாக்தான் தாமதிக்கும். மல்டிப்ளையரை நடுவில் வெட்டி ஒரு வரிசை ரிஜிஸ்டர் போட்டால் ஐம்பது அறுபது ஃப்ளிப்ஃப்ளாப் ஆகுமா? மொத்தம் எத்தனை பஃபர் போட்டிருக்கிறீர்கள், தேன்மொழி?

ரிஜிஸ்டர் போட்டால் மெதுவாகவும் ஓட்டலாம், நிறுத்தி நிறுத்தியும் பார்க்கலாம், டெஸ்டரில் ஸ்கேன் செய்யலாம். அத்தனையையும் விட்டுக்கொடுத்து எதைச் சம்பாதிக்கிறோம்?

---

தேன்மொழி_கே

மொத்தம் 1,900க்கு மேல் பஃபர் சார். மல்டிப்ளையரின் பரப்பளவில் பாதிக்கு வந்துவிட்டது. வெளியீட்டில் மட்டும் போட்டால் போதவில்லை. ஒரு ஃபுல் ஆடரின் ஓர் உள்ளீடு சீக்கிரமும் மற்றொன்று தாமதமாகவும் வந்தால், அதற்கு அப்புறம் எத்தனை பஃபர் போட்டாலும் இரண்டும் சேர்ந்தேதான் தள்ளிப்போகின்றன, இடைவெளி அப்படியே இருக்கிறது. சேரும் இடத்துக்கு முன்னால், சீக்கிரம் வருகிற கையில்தான் போட வேண்டியிருந்தது, ஒவ்வொரு செல்லுக்கும்.

கார்னர் விகிதமும் பார்த்தேன். ஒரு இன்வர்ட்டருக்கு 1.9 வருகிறது.

---

பழைய_சாலிடர்

கணக்கன் கேட்பது நியாயம். இந்த யோசனை பிறந்த காலத்தைப் பார்த்தால் காரணம் புரியும். காட்டன் என்பவர் 1969ல் இதை "அதிகபட்ச வேக பைப்லைன்" என்ற பெயரில் எழுதினார். அன்றைக்கு லாட்ச் ஒன்றுக்கு ஆகும் டிலே, லாஜிக்கின் டிலேயோடு ஒப்பிட்டால் பெரியது. ரிஜிஸ்டரைத் தவிர்ப்பதே லாபம். 1992ல் ஸ்டான்ஃபோர்டில் வாங், டி மிக்கேலி, ஃப்ளின் குழுவினர் ஓர் எண்ணில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணும் பாப்புலேஷன் கவுண்டரை இந்த முறையில் செய்து, சாதாரண க்ளாக்கைப்போல் 2.5 மடங்கில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் அது பைபோலார். அந்த வகை கேட்டின் டிலே, எந்த உள்ளீடு எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்து அதிகம் மாறாது. கேட்டின் கரண்ட்டைக் கூட்டிக் குறைத்து டிலேயை நுணுக்கமாகத் திருகவும் முடியும்.

சிமாஸில் அந்த வசதி இல்லை. இரண்டு உள்ளீடு நாண்ட் கேட்டை எடுங்கள். ஓர் உள்ளீடு மட்டும் கீழே இறங்கினால் ஒரு பிமாஸ் வெளியீட்டை மேலே இழுக்கும். இரண்டும் ஒன்றாக இறங்கினால் இரண்டு பிமாஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்று இழுக்கும், கேட் சட்டென்று மாறிவிடும். உங்கள் லைப்ரரி ஒரு நேரத்தில் ஓர் உள்ளீடு மாறுவதை வைத்து அளந்தது. எஸ்டிஎஃப்பிலும் அந்த எண்தான் இருக்கும். தேன்மொழி, உங்கள் 8.0ஐ நம்புமுன் ஒரு சின்னத் துண்டை ஸ்பைஸில் ஓட்டிப் பாருங்கள்.

பாதைகளைச் சமப்படுத்தச் சமப்படுத்த இது மோசமாகும் என்பதையும் யோசியுங்கள். சமப்படுத்தாத சர்க்யூட்டில் ஒரு கேட்டின் இரண்டு உள்ளீடுகளும் வேறு வேறு நேரத்தில் வரும். நீங்கள் மாதக்கணக்கில் உழைத்து அவற்றை ஒரே நேரத்தில் வரவைத்திருக்கிறீர்கள். அதனாலேயே அவை ஒன்றாக மாறுகின்றன.

---

நெய்தல்

நான் மெமரி பக்கம் வேலை செய்கிறேன். கணக்கனின் "எதைச் சம்பாதிக்கிறோம்" என்பதற்கு எங்களிடம் ஒரு பதில் இருக்கிறது.

டிராமில் ரீட் கமாண்ட் வந்து டேட்டா வெளியே வர ஆகும் நேரம் அரேயின் நேரம், நானோசெகண்டில் கிட்டத்தட்ட மாறாதது. டிடிஆர்3-1600ல் க்ளாக் 1.25 நானோ, CL எனப்படும் காத்திருக்கும் க்ளாக்குகளின் எண்ணிக்கை 11 என்றால் 13.75 நானோ. 1333ல் க்ளாக் 1.5, CL 9, ஆக 13.5 நானோ. க்ளாக்குகளின் எண்ணிக்கைதான் மாறுகிறது. ஆனால் ரீட் கமாண்டுகள் நான்கு க்ளாக்குக்கு ஒன்று, 1600ல் 5 நானோவுக்கு ஒன்று, வந்துகொண்டே இருக்கலாம். முதல் ரீடின் டேட்டா சிப்பை விட்டு வெளியே வருமுன் இரண்டாவதும் மூன்றாவதும் உள்ளே இறங்கிவிடும். பல வடிவமைப்புகளில் இந்த ரீட் பாதையின் நடுவே க்ளாக் ரிஜிஸ்டர் கிடையாது. சென்ஸ் ஆம்ப் பக்கம் எங்கே வெட்டி ரிஜிஸ்டர் போடுவது? சமமாக வெட்ட இடமே இல்லை.

பழைய_சாலிடர் சார் சொன்ன கார்னர் பிரச்சினையை நாங்கள் நிலையான க்ளாக்கோடு மோதவிடுவதில்லை. டேட்டா கிளம்பும்போது அதோடு ஒரு ஸ்ட்ரோபும் கிளம்பும். அதே மாதிரியான வயர், அதே மாதிரியான கேட். சூட்டில் டேட்டா தாமதித்தால் ஸ்ட்ரோபும் தாமதிக்கும். வெளியே ஒரு சின்ன ஃபைஃபோ. உள்ளே எழுதுவது ஸ்ட்ரோப், வெளியே எடுப்பது CL எண்ணிக்கையைப் பார்க்கும் க்ளாக். அலை கொஞ்சம் முன்னே வந்தாலும் ஃபைஃபோவில் உட்கார்ந்திருக்கும்.

---

தேன்மொழி_கே

நெய்தல் சொன்னதை முயன்று பார்த்தேன். நான்கு நாள் ஆயிற்று, அதனால்தான் தாமதம்.

உள்ளே அனுப்பும் க்ளாக்கிலிருந்து ஒரு கிளையை எடுத்து, ஃபுல் ஆடர்களையே சங்கிலியாகக் கோத்து, 10.8 நானோ தாமதிக்கும்படி செய்தேன். வெளியீட்டு ரிஜிஸ்டருக்கு அதுதான் க்ளாக். அதன் பின்னால் நான்கு இட ஃபைஃபோ. முதலில் போட்ட ஐந்து பீரியடுகளும், 9.0ம் 4.5ம் உட்பட, இப்போது பாஸ். காரணமும் தெரிகிறது: இடைவெளி எப்போதும் 10.3ல் தொடங்குகிறது, T கூடக் கூட அது வலப்பக்கம் மட்டும் அகலமாகிறது. 10.8ல் வரும் எட்ஜ் எந்த மெதுவான க்ளாக்குக்கும் உள்ளேயே இருக்கும். 50 நானோவில் கூட ஓடுகிறது.

எல்லா டிலேயையும் 1.4ஆல் பெருக்கி மெதுவான சிப்பாக ஓட்டினேன். ஸ்ட்ரோபும் 15.12க்குப் போய்விட்டது. 4.5 நானோ பாஸ், 3.6 ஃபெயில். கணக்கில் 4.2 வரை போகலாம். அலையே இல்லாமல் ஓட்டினால் அந்தச் சிப்புக்கு 14.42 வேண்டும். நிலையான க்ளாக்கில் ஒன்றுமில்லாமல் போயிருந்த லாபம் மூன்று மடங்குக்கு மேல் திரும்பி வந்திருக்கிறது.

ஸ்பைஸும் ஓட்டினேன். எட்டு ஃபுல் ஆடர் கொண்ட ஒரு துண்டு. லைப்ரரி 2.64 என்கிறது. உள்ளீடுகள் ஒன்றாக மாறும்படி கொடுத்தால் ஒரு பேட்டர்னில் 2.38. பத்து சதவீதம் குறைவு. அதே விகிதம் முழுப் பாதைக்கும் வந்தால் என் 8.0 உண்மையில் 7.2. மூன்று அலைக்கான இடம் 3.44 முதல் 3.5 வரை என்று சுருங்கிவிடுகிறது. வேறொரு பேட்டர்னில் என்மாஸ்கள் வரிசையாக நிற்கும் பக்கம் டிலே கூடவும் செய்கிறது, ஆகவே 10.0ம் அப்படியே நிற்காது.

---

கணக்கன்

நல்ல வேலை, தேன்மொழி. ஆனால் ஸ்ட்ரோப் சங்கிலி, ஃபைஃபோ, 1,900 பஃபர் எல்லாவற்றையும் கூட்டி, மூன்று இடத்தில் வெட்டிய சாதாரண பைப்லைனோடு பரப்பளவையும் பவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மல்டிப்ளையரை வெட்ட இடம் தாராளமாக இருக்கிறது. டிராமில் இல்லாத வசதி அது. மல்டிப்ளையருக்கு ரிஜிஸ்டர்தான் என்பது இன்னும் என் கருத்து.

---

பழைய_சாலிடர்

பஃபரும் ஒவ்வொரு அலைக்கும் சார்ஜ் ஆகி டிஸ்சார்ஜ் ஆகும். டேட்டா மாறாத நேரத்தில் சும்மா இருக்கும். ரிஜிஸ்டரின் க்ளாக் உள்ளீடு, டேட்டா மாறினாலும் மாறாவிட்டாலும் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளீடு எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்பதைப் பொறுத்து இரண்டு பக்கமும் தீர்ப்பு வரலாம். அளக்காமல் நான் சொல்ல மாட்டேன்.

தேன்மொழி, ஸ்ட்ரோப் சங்கிலியில் ஒன்றைப் பாருங்கள். அதில் எப்போதும் ஒரே உள்ளீடுதான் மாறுகிறது. டேட்டா பாதையில் இரண்டு மூன்று ஒன்றாக மாறுகின்றன. கார்னரை அது பின்தொடரும், டேட்டா பேட்டர்னைப் பின்தொடராது. 10.8 என்பதை எந்தப் பேட்டர்னை வைத்து நிர்ணயிப்பீர்கள்?

---

தேன்மொழி_கே

அதுதான் இப்போது மேஜை மேல் இருக்கிறது சார். முதல் வரிசையில் ஆண்ட் கேட்டின் இரண்டு உள்ளீடும் ஒரே எட்ஜில் கிளம்புகின்றன. அங்கே ஒரு கைக்கு மட்டும் ஒரு பஃபர் கூடுதலாகப் போட்டு வேண்டுமென்றே 0.15 நானோ விலக்கி வைத்தால், ஒன்றாக மாறுவது குறையுமா, இல்லை மேலும் 0.15 சமமின்மையைத்தான் சேர்க்கிறேனா என்று ஸ்பைஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. 4க்கு 4 துண்டுக்கு எல்லாப் பேட்டர்னும் முடிய இரண்டு நாள் ஆகும். கணக்கன் சார் கேட்ட பவர் ஒப்பீட்டையும் சேர்த்து இங்கேயே போடுகிறேன்.